ஒன்டிரைவ் ஃபைல் ஃபோல்டரில் தெரிகிறது, நெட் இல்லாத ஊரில் திறக்கவில்லை: என்ன செய்வது?

"என் லேப்டாப்பில் 256 ஜிபி தான். ஒன்டிரைவில் மொத்தம் 170 ஜிபி வைத்திருக்கிறேன், சி டிரைவில் 9 ஜிபி தான் மிச்சம். ஆடிட் வேலையாக வால்பாறை பக்கம் போனபோது ஃபைல் எல்லாம் ஃபோல்டரில் தெரிந்தது, ஆனால் நெட் இல்லாததால் பாதி ஃபைல் திறக்கவே இல்லை. இடமும் மிச்சமாகணும், வேலைக்கு வேண்டியது நெட் இல்லாமலும் திறக்கணும். என்ன செய்யலாம் சார்?"

திறக்காத அந்தப் பாதி ஃபைல்கள் உங்கள் லேப்டாப்பில் இல்லவே இல்லை. பெயர், தேதி, அளவு, ஐகான் மட்டும் இருந்தன. ரயில் நிலையத்தில் பெட்டியைப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்வது போல. ரசீதில் பெட்டியின் விவரம் எல்லாம் இருக்கும், பெட்டி மட்டும் கையில் இருக்காது. ஃபைலை நீங்கள் இரண்டு முறை தட்டும்போது, விண்டோஸுக்குள் இருக்கும் cldflt.sys என்ற சின்ன டிரைவர் அந்த வேண்டுகோளை இடையில் பிடித்து, ஒன்டிரைவ் புரோகிராமிடம் "இதைக் கொண்டு வா" என்று சொல்லும். நெட் இருந்தால் சில நொடிகளில் வந்துவிடும், நமக்கு வித்தியாசமே தெரியாது. நெட் இல்லாவிட்டால் பிழைச் செய்திதான் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி இப்படிப்பட்ட ஒரு ரசீது ஃபைல் டிஸ்கில் பிடிக்கும் இடம் சுமார் 1 கேபி. அதனால்தான் 170 ஜிபியையும் 256 ஜிபி லேப்டாப்பில் உங்களால் பார்க்க முடிகிறது.

இந்த வசதிக்குப் பெயர் ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட். நீங்கள் பட்ட சிரமம் உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. விண்டோஸ் 8.1-இல் இதே போன்ற ஒன்று இருந்தது. எது கணினியில் இருக்கிறது, எது இல்லை என்று மக்களுக்குப் புரியவில்லை, நெட் இல்லாத இடத்தில் போய் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தே விட்டது. 2017 அக்டோபரில் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் அதன் நிலையைக் காட்டும் குறியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

முக்கியமான குறிகள் மூன்று. ஃபைல் எக்ஸ்புளோரரில் "Status" என்ற நெடுவரிசையில் வரும். நீல நிற மேகம் என்றால் ரசீது மட்டும்தான் இருக்கிறது, ஃபைல் இல்லை. வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் என்றால் ஃபைல் இப்போது டிஸ்கில் இருக்கிறது. முழுக்கப் பச்சையாக நிரம்பிய வட்டத்துக்குள் வெள்ளை டிக் என்றால், ஃபைல் டிஸ்கில் இருக்கிறது, அதோடு "இங்கேயே இருக்கட்டும்" என்று நீங்கள் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள்.

பச்சை டிக்குகள் இரண்டையும் ஒன்று என்று நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. போன வாரம் நீங்கள் ஓர் எக்ஸெல் ஃபைலைத் திறந்தீர்கள் என்று வையுங்கள். அதனால் அது இறங்கி, வெள்ளை வட்டப் பச்சை டிக் வந்துவிடும். நீங்களும் "இது லேப்டாப்பில் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் இன்றைக்கு மட்டும்தான் உண்மை. விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் திறக்கப்படாத ஒன்டிரைவ் ஃபைல்களை மறுபடி மேகமாக்கிவிடு என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். 1, 14, 30, 60 நாள் என்று தேர்வுகள் உண்டு, "Never" என்றும் உண்டு. அலுவலக லேப்டாப் என்றால் நிர்வாகப் பிரிவே இதை நமக்கு அமைத்திருக்கக்கூடும். ஏப்ரலில் திறந்த ஃபைல் ஜூனில் மேகமாகி நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். Settings, System, Storage, Storage Sense என்று போனால் அடியில் ஒன்டிரைவுக்கு என்ன நாள் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். நிரம்பிய பச்சை வட்டம் உள்ள ஃபைலை ஸ்டோரேஜ் சென்ஸ் தொடாது. அதனால் ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதற்கு இருக்க வேண்டிய குறி அது ஒன்றுதான்.

சரி, இப்போது உங்கள் லேப்டாப்பில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். வரிசை முக்கியம். முதலில் காலி செய்யுங்கள், அப்புறம் வேண்டியதை இறக்குங்கள். 9 ஜிபி மிச்சத்தை வைத்துக்கொண்டு நிறைய இறக்க ஆரம்பித்தால் நடுவழியில் நின்றுவிடலாம்.

ஒன்டிரைவ் ஃபோல்டரை வலது கிளிக் செய்து "Properties" போங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். "Size" என்பது ஃபைல்களின் மொத்த அளவு, உங்களுக்கு 170 ஜிபி அளவில் காட்டும். "Size on disk" என்பது உண்மையில் உங்கள் டிஸ்கில் பிடித்திருக்கும் இடம். அது 95 ஜிபி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 75 ஜிபி ஏற்கெனவே மேகத்தில் மட்டும் இருக்கிறது, 95 ஜிபி லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த 95-இல் உங்களுக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? ஆடிட் வேலை செய்பவருக்கு இந்த ஆண்டின் கணக்குகள், போன ஆண்டின் அறிக்கைகள், சில படிவங்கள் எல்லாம் சேர்ந்து 3 ஜிபி வந்தாலே அதிகம். மற்றதெல்லாம் கல்யாண வீடியோவும், ஃபோனிலிருந்து ஏறிய படங்களும், பழைய ஆண்டு ஸ்கேன்களுமாகத்தான் இருக்கும். உள்ளே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இதே "Size on disk" பார்த்தால், இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காலி செய்வதற்கு முன் ஒன்டிரைவின் மேக ஐகானைப் பணிப்பட்டையில் தட்டி, எல்லாம் ஏறி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இன்னும் மேலே ஏறாத ஃபைலை அது காலி செய்யாது, அதனால் தரவு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஏறாமல் தேங்கி நின்றால் இடமும் கிடைக்காது. ஒன்டிரைவில் உங்கள் ஒதுக்கீடே நிரம்பிப்போய் ஏறாமல் நிற்கும் கதையும் உண்டு, அதையும் அங்கேயே காட்டும். எல்லாம் ஏறியிருந்தால், பெரிய ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து "Free up space" என்பதைத் தட்டுங்கள். விண்டோஸ் 11-இல் அது ஒன்டிரைவ் துணைமெனுவுக்குள் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் டிக் எல்லாம் மேகமாக மாறும், சி டிரைவில் இடம் திரும்பும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடம் வேண்டும் என்று எந்தக் காரணத்துக்காகவும் "Delete" தட்டாதீர்கள். மேகக்குறி போட்ட ஃபைல் வெறும் ரசீதுதானே, ரசீதைக் கிழித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒன்டிரைவ் ஃபோல்டரில் நீக்கினால் மேகத்திலும் நீங்கும், உங்கள் ஃபோனிலும் வீட்டுக் கணினியிலும் நீங்கும். அதுவும் மேகக்குறி ஃபைலை நீக்கினால், அது உங்கள் கணினியின் குப்பைத் தொட்டியில் வந்து விழாது. ஒன்டிரைவ் இணையதளத்துக்குப் போய் அங்குள்ள குப்பைத் தொட்டியில்தான் தேட வேண்டும். தனிப்பட்ட கணக்கு என்றால் அங்கே 30 நாள் இருக்கும், அலுவலகக் கணக்கு என்றால் வழக்கமாக 93 நாள். அதற்குள் கவனித்தால் மீட்டுவிடலாம். ஒரு வருடம் கழித்து "2019 ஃபைல் எங்கே" என்று தேடினால் கிடைக்காது. காலி செய்வதற்கு "Free up space", ஒழித்துக்கட்டுவதற்கு "Delete". இரண்டும் வலது கிளிக் மெனுவில்தான் இருக்கின்றன, பார்த்துத் தட்டுங்கள்.

இடம் கிடைத்த பிறகு, ஊருக்குக் கொண்டுபோகும் ஃபைல்களுக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி ஃபைலாகவும் இங்கேயே வைக்கலாம், ஆனால் ஒன்றிரண்டு கண்டிப்பாகத் தவறிப்போகும். "Audit" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, இந்த ஆண்டு வேலை எல்லாம் அதற்குள் இருந்தால், அந்த ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்து "Always keep on this device" தட்டினால் போதும். இதில் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. சாதாரணமாக வேறு கணினியில் உருவாக்கிய புது ஃபைல் உங்கள் லேப்டாப்பில் மேகமாகத்தான் வந்து நிற்கும். ஆனால் அது இந்த ஃபோல்டருக்குள் வந்தால் தானாகவே முழுசாக இறங்கிவிடும். அலுவலகத்தில் இருப்பவர் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின இரவு புது அறிக்கை ஒன்றைப் போட்டாலும், காலையில் லேப்டாப் நெட்டில் இருந்தால் அது உங்களோடு வரும்.

தட்டியவுடன் வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். அது வெறும் உத்தரவு, இனிமேல்தான் ஃபைல் இறங்க ஆரம்பிக்கும். 3 ஜிபி என்றால் 20 எம்பிபிஎஸ் இணைப்பில் கணக்குப்படி 20 நிமிடம், சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் அதைவிடக் கூடுதல். அதுவரை சுழலும் நீல அம்புக்குறி தெரியும். அது ரொம்ப நேரமாக அப்படியே நின்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்து, அந்த இணைப்பு மீட்டர்டு, அதாவது டேட்டாவை அளவோடு செலவழிக்க வேண்டியது, என்று விண்டோஸில் குறிக்கப்பட்டிருந்தால், ஒன்டிரைவ் தானாகவே நிறுத்தி வைத்துக்கொள்ளும். லேப்டாப் பேட்டரி சேவரில் ஓடினாலும் அதேதான். நம் ஊரில் கிளம்பும் அவசரத்தில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட் போட்டு, 15 சதவீத பேட்டரியில் இறக்கப் பார்ப்போம். இந்த இரண்டுமே அப்போது சேர்ந்து குறுக்கே நிற்கும். ஒன்டிரைவ் ஐகானில் நிறுத்தக் குறி தெரிந்தால் அதைத் தட்டித் தொடரச் சொல்லலாம். முந்தின இரவே சார்ஜரில் போட்டு, வீட்டு வைஃபையில் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

இறங்கி முடிந்ததா என்று எப்படி உறுதி செய்வது? ஃபோல்டரின் ஐகானை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே ஏதோ ஒரு துணை ஃபோல்டரில் ஒரு ஃபைல் மட்டும் தங்கிப்போயிருக்கலாம். எளிய வழி, அந்த ஃபோல்டரின் "Properties"-இல் "Size on disk" எண் "Size" எண்ணுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. 3 ஜிபிக்கு எதிரே 2.2 ஜிபி என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது. எந்தெந்த ஃபைல் பாக்கி என்று பெயரோடு தெரிய வேண்டும் என்றால் பவர்ஷெல் உதவும். அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் powershell என்று தட்டி என்டர் கொடுங்கள், அந்த இடத்திலேயே நீலத் திரையோ கருப்புத் திரையோ திறக்கும். அதில் இதைத் தட்டுங்கள்:

```
Get-ChildItem -Recurse -File -Attributes Offline
```

இது டிஸ்கில் இல்லாத ஃபைல்களை மட்டும் பட்டியலிடும். எதையும் இறக்காது, எதையும் மாற்றாது. பட்டியல் காலியாக வந்தால் ஃபோல்டர் முழுதும் உங்கள் கையில் இருக்கிறது. நான் வெளியூர் போகும்போதெல்லாம் கடைசியாகச் செய்வது இந்த ஒரு வரிதான், இதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

அப்புறம் ஏரோபிளேன் மோடில் போட்டு நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஒத்திகை பார்ப்பதென்றால் நெட்டை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நெட் இருக்கும்போது திறந்து பார்த்தால் எல்லாமே திறக்கும், மேகக்குறி ஃபைலும் அந்த நொடியே இறங்கித் திறந்துகொள்ளும். அதனால் எது உண்மையில் இருந்தது, எது இப்போதுதான் வந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது.

இந்த ஒத்திகையில்தான் வேறு மாதிரியான ஓட்டைகளும் வெளியே வரும். என் அத்தை மகன் கட்டுமான வேலையில் இருக்கிறார். மலைப் பகுதியில் ஒரு சைட்டுக்குப் போகும்போது மதிப்பீட்டு எக்ஸெல் ஃபைல் இருந்த ஃபோல்டரை ஒழுங்காக இங்கேயே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஃபைலும் திறந்தது. ஆனால் அந்த எக்ஸெலில் விலைகள் எல்லாம் வேறொரு ஃபோல்டரில் இருந்த விலைப்பட்டியல் ஃபைலிலிருந்து இழுத்து வரும்படி அமைத்திருந்தார். அந்த ஃபைல் மேகத்திலேயே நின்றுவிட்டது. எக்ஸெல் கடைசியாகச் சேமித்த பழைய விலைகளைக் காட்டியது, புதுப்பிக்கச் சொன்னபோது மூல ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றது. அவர் கவனித்ததால் தப்பித்தார், கவனிக்காமல் இருந்திருந்தால் போன ஆண்டு சிமென்ட் விலையில் மதிப்பீடு போயிருக்கும். உங்கள் கணக்கு ஃபைல்களிலும் இப்படி ஒன்றோடொன்று இணைப்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எக்ஸெலில் "Data" தாவலில் "Edit Links" அல்லது "Workbook Links" என்று இருக்கும். அதைத் திறந்தால் எந்தெந்த வெளி ஃபைலை நம்பி இருக்கிறது என்று தெரியும். அவற்றையும் அதே "Audit" ஃபோல்டருக்குள் கொண்டுவந்தால் இணைப்பின் பாதை மாறும், அதனால் அவை இருக்கும் ஃபோல்டரையே இங்கே வைக்கச் சொல்வது சிக்கல் இல்லாதது.

இன்னொருவர் உங்களோடு பகிர்ந்த ஃபைல்களும் இப்படித்தான் ஏமாற்றும். மின்னஞ்சலில் வந்த பகிர்வு இணைப்பைத் தட்டி பிரவுசரில் படித்திருப்பீர்கள், அது உங்கள் லேப்டாப்புக்கு வரவே இல்லை. ஃபோல்டராகப் பகிர்ந்திருந்தால், ஒன்டிரைவ் இணையதளத்தில் அதைத் தேர்ந்து "Add shortcut to My files" கொடுங்கள். உங்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அது தோன்றும், அதன்பின் மற்றவை போலவே இங்கே வைக்கச் சொல்லலாம். ஒன்நோட் நோட்டுப் புத்தகங்கள் மட்டும் வேறு கதை. ஒன்டிரைவ் ஃபோல்டரில் அவை இணைய இணைப்பாகத்தான் தெரியும், அவற்றை ஒன்நோட் செயலியிலேயே ஒருமுறை முழுசாகத் திறந்து ஒத்திசைய விட வேண்டும்.

மேகக்குறி ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று விண்டோஸ் தேடலுக்குத் தெரியாது, பெயரை வைத்து மட்டும்தான் கண்டுபிடிக்கும். ஒரு ரசீது எண்ணையோ கட்சிக்காரர் பெயரையோ உள்ளடக்கத்தில் தேடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், "எங்கும் இல்லை" என்று வரும் விடையை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஃபைல் மேகத்தில் இருக்கலாம்.

காலி செய்த இடம் சில வாரத்தில் மறுபடி நிரம்புகிறது என்றால், ஏதோ ஒரு புரோகிராம் ஃபைல்களைப் படித்துப் படித்து இறக்குகிறது என்று பொருள். படங்களை வகைப்படுத்தும் செயலிகளும் சில பேக்கப் மென்பொருள்களும் இதைச் செய்யும். அப்படி ஒரு செயலி தானாக இறக்கும்போது விண்டோஸ் அறிவிப்பு காட்டும், அதிலேயே அந்தச் செயலியைத் தடுக்கலாம். ஒன்டிரைவை வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுப்பவர்கள் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சில பேக்கப் மென்பொருள்கள் மேகக்குறி ஃபைல்களைத் தாண்டிப் போய்விடும். பேக்கப் எடுத்தாயிற்று என்று நினைப்பீர்கள், அதில் பாதி இருக்காது. பேக்கப் ஃபோல்டரின் அளவை "Size" எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நெட் இல்லாத இடத்தில் நீங்கள் செய்யும் திருத்தங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபைல் டிஸ்கில் இருப்பதால் வழக்கம்போல் சேமிக்கலாம், திரும்பி வந்து நெட் கிடைத்ததும் தானாக ஏறிவிடும். அதே நேரத்தில் அலுவலகத்தில் வேறொருவரும் அதே ஃபைலைத் திருத்தியிருந்தால்தான் சிக்கல். ஒன்றாகச் சேர்க்க முடியாதபோது ஒன்டிரைவ் இரண்டையும் வைத்துக்கொள்ளும், ஒன்றின் பெயர் முடிவில் உங்கள் கணினியின் பெயர் ஒட்டியிருக்கும். அப்படி ஒரு ஃபைலைப் பார்த்தால் தேவையில்லாத நகல் என்று நீக்கிவிடாதீர்கள், உங்கள் வால்பாறை வேலை அதில்தான் இருக்கும். கிளம்பும் முன் "இந்த மூன்று நாள் இந்த ஃபைலை நான்தான் தொடுவேன்" என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

திரும்பி வந்து வேலை முடிந்ததும், அந்த ஃபோல்டரில் இனி வேண்டாத பகுதிக்கு "Free up space" கொடுத்துவிடுங்கள். "Always keep on this device" எதிரே உள்ள டிக்கை எடுத்தால் மட்டும் இடம் திரும்பாது. நிரம்பிய வட்டம் வெள்ளை வட்டமாக மாறும், அவ்வளவுதான், ஃபைல் டிஸ்கிலேயே இருக்கும். அப்புறம் ஒன்று, மொத்த ஒன்டிரைவ் ஃபோல்டருக்கும் "Free up space" கொடுத்தால், நீங்கள் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவையும் சேர்ந்து மேகமாகிவிடும். அடுத்த பயணத்துக்கு முன் "Audit" ஃபோல்டரை மறுபடி குறிக்க வேண்டியிருக்கும்.